தரவு வெளியேறுவதில்லை, தடயம் வெளியேறுகிறது

நீரிழிவுப் பிரிவின் புறநோயாளர் அறையில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாயும் மகளும் என் முன் அமர்ந்திருந்தனர். தாய்க்கு இன்சுலின் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றாடச் சர்க்கரை அளவைக் கைபேசிச் செயலி ஒன்றில் பதிந்துவரும்படி நான் சொல்லியிருந்தேன். அந்தச் செயலி, பதிந்த அளவுகளிலிருந்து மறுநாள் காலைச் சர்க்கரை எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும். ஒப்புதல் பக்கத்தில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது: ‘உங்கள் தரவு உங்கள் கைபேசியை விட்டு வெளியேறாது.’ மகள் அதைக் காட்டிக் கேட்டார்: “அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, டாக்டர். தரவு வெளியே போகாது என்கிறார்கள். ஆனால், எல்லோருடைய கைபேசியிலிருந்தும் செயலி கற்றுக்கொள்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். எதுவுமே வெளியே போகாமல் அது எப்படிக் கற்றுக்கொள்ளும்?”

அதற்கு முன்பு பல நோயாளிகளுக்கு அந்த வரியை நானே வாசித்துக் காட்டி, “கவலைப்பட வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறேன். அன்று அந்தக் கேள்விக்கு நான் அளித்த பதில் எனக்கே நிறைவு தரவில்லை. பின்னர் படித்தும், கணினித் துறை நண்பர்களுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த முறை நல்ல முறை, அந்த வரி பாதி உண்மை. நோயாளியிடம் பாதி உண்மையைக் காட்டிப் பெறும் கையொப்பத்தை முழு ஒப்புதல் என்று மருத்துவர்களாகிய நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

வெளியே செல்வது எது?

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ‘ஃபெடரேட்டட் லேர்னிங்’ என்று பெயர். தமிழில் கூட்டுக்கற்றல் எனலாம். கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2016-இல் இந்தப் பெயரில் இதை முன்வைத்தனர். 2017-இல் அந்நிறுவனத்தின் கைபேசித் தட்டச்சுப் பலகையில், தேடல் பரிந்துரைகளை மேம்படுத்துவதற்காகச் சோதித்துப் பார்த்தனர். அதன்பின் மருத்துவத் துறையும் இதன்மீது ஆர்வம் காட்டத் தொடங்கியது. காரணம் எளிது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை ஓரிடத்தில் குவித்தால்தான் நல்ல கணிப்பு கிடைக்கும். அப்படிக் குவித்தாலோ ஒரே திருட்டில் அனைத்தும் போய்விடும்.

கூட்டுக்கற்றலில் நடப்பது இதுதான். நிறுவனத்தின் கணினி, கணிப்புச் சூத்திரம் ஒன்றை எல்லாக் கைபேசிகளுக்கும் அனுப்புகிறது. அந்தச் சூத்திரம் உண்மையில் எண்களின் தொகுப்பே. வயதுக்கு எவ்வளவு முக்கியத்துவம், நேற்றைய சர்க்கரைக்கு எவ்வளவு, இன்சுலினுக்கு எவ்வளவு என்பதை அந்த எண்கள் சொல்கின்றன. உங்கள் கைபேசி, உங்கள் பதிவுகளைக் கொண்டு அந்தச் சூத்திரத்தைச் சோதிக்கிறது. கணிப்பு தவறினால் எந்த எண்ணை எவ்வளவு கூட்டினால் அல்லது குறைத்தால் தவறு குறையும் என்று கணக்கிடுகிறது. அந்தக் கூட்டல் குறைத்தல்களை மட்டும் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. இவற்றைத் திருத்த எண்கள் என்று அழைப்போம். நிறுவனம் பல கைபேசிகளின் திருத்த எண்களைச் சராசரி எடுத்து, சூத்திரத்தைச் சீர்செய்து, மீண்டும் அனுப்புகிறது. இப்படிப் பல சுற்றுகள் நடக்கும்.

ஆகவே, உங்கள் சர்க்கரைப் பதிவேடு வெளியேறுவதில்லை என்பது உண்மையே. ஆனால், அந்தப் பதிவேட்டைப் படித்துக் கணக்கிட்ட திருத்த எண்கள் வெளியேறுகின்றன. மகள் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. இனி எழும் கேள்வி: அந்தத் திருத்த எண்களைப் பார்த்து, பதிவேட்டில் இருந்ததை ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு வகுத்தல் கணக்கு

மிக எளிய ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர். இன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 212; இரவு போட்டுக்கொள்ளும் இன்சுலின் 18 யூனிட். சூத்திரம், மறுநாள் காலை 180 இருக்கும் என்று கணிக்கிறது. உண்மையில் 190 இருந்தது. ஆகவே, கணிப்பு 10 குறைந்துவிட்டது.

இப்போது கைபேசி திருத்த எண்களைக் கணக்கிட வேண்டும். இதற்கான விதி எல்லோருக்கும் பொதுவானது: தவறின் அளவை, அந்தத் தவறுக்குக் காரணமான உள்ளீட்டால் பெருக்கி, மிகச் சிறிய ஒரு பொது எண்ணாலும் பெருக்க வேண்டும். ஒரே அடியில் சூத்திரம் தடுமாறிவிடாமல், சிறு சிறு அடியாகத் திருந்துவதற்காகவே அந்தச் சிறிய எண். இங்கே அது 0.00001 என்று கொள்வோம். வயதுக்கான திருத்தம், 10-ஐ 54-ஆல் பெருக்கி 0.00001-ஆல் பெருக்கினால் 0.0054. சர்க்கரைக்கான திருத்தம் அதேபோல் 0.0212. இன்சுலினுக்கான திருத்தம் 0.0018. இவற்றுடன் எந்த உள்ளீட்டையும் சாராத ஒரு நிலை எண்ணும் சூத்திரத்தில் உண்டு. அதற்கான திருத்தத்தில் உள்ளீட்டால் பெருக்கும் வேலை இல்லை. ஆகவே அது 0.0001.

கைபேசியிலிருந்து வெளியே போவது இந்த நான்கு சிறிய எண்கள் மட்டுமே: 0.0054, 0.0212, 0.0018, 0.0001. பார்ப்பதற்கு இவற்றில் ஒரு நோயாளி இருப்பதாகவே தெரியாது. ஆனால், முதல் மூன்றையும் நான்காவதால் வகுத்துப் பாருங்கள். 54, 212, 18. வயது, சர்க்கரை, இன்சுலின் மூன்றும் வெளியே வந்து நிற்கின்றன. அதோடு முடியவில்லை. அந்தச் சிறிய பொது எண்ணை நிர்ணயித்தது நிறுவனமே. ஆகவே நான்காம் எண்ணை அதனால் வகுத்தால் தவறின் அளவாகிய 10 கிடைக்கும். சூத்திரமும் நிறுவனத்திடம் இருப்பதால், கணிப்பு 180 என்பதை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். இரண்டையும் கூட்டினால் மறுநாள் காலைச் சர்க்கரையாகிய 190-உம் தெரிந்துவிடும்.

பூட்டை உடைக்கவில்லை, கைபேசிக்குள் யாரும் நுழையவில்லை. பள்ளிக்கூடத்து வகுத்தல் போதுமானதாக இருந்தது. இணையத்தில் செல்லும்போது அந்த எண்களை மறையீடு செய்து அனுப்புகிறோம் என்பதும் இங்கே பதிலாகாது. வழியில் ஒட்டுக்கேட்பவரிடமிருந்து அது காக்கும். சேருமிடத்தில் மறையைப் பிரித்துப் பார்க்கும் நிறுவனத்திடமிருந்து காக்காது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய வரம்புகளும் உண்டு. நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாள் பதிவு. கைபேசி ஒரு மாதப் பதிவுகளைச் சேர்த்து ஒரே திருத்தமாக அனுப்பினால், வகுத்தலில் கிடைப்பது தனித்தனி நாள்களின் அளவு அன்று. அவற்றின் ஒரு கலவை மட்டுமே. ஆயினும் வயது போன்ற மாறாத உள்ளீடு அந்தக் கலவையிலும் கலங்காமல் நிற்கும். நடைமுறையில் உள்ள சூத்திரங்களும் நான் சொன்னதைப்போல் நான்கு எண்களோடு நிற்பதில்லை. அடுக்கடுக்காக இலட்சக்கணக்கான எண்களைக் கொண்டவை. எண்கள் கூடினால் துப்பறிவது கடினமாகும் என்றே முதலில் எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. எண்கள் கூடும்போது தடயங்களும் கூடுகின்றன.

2019-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைப் படங்களைக் கொண்டு காட்டினர். ஒரு படத்திலிருந்து கணக்கிட்ட திருத்த எண்கள் மட்டும் கையில் உள்ளன, படம் இல்லை. அவர்கள் வெறும் புள்ளிகள் நிறைந்த போலிப் படம் ஒன்றை உருவாக்கி, அதற்கும் திருத்த எண்களைக் கணக்கிட்டனர். இரண்டு திருத்தங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு குறையும் திசையில் போலிப் படத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போயினர். திருத்தங்கள் ஒத்துப்போனபோது, போலிப் படம் அசல் படமாகவே மாறியிருந்தது. செருப்புத் தடத்தில் பல செருப்புகளை வைத்துப் பார்த்து, பொருந்தும் செருப்பைக் கண்டுபிடிப்பதைப் போன்றது இது. படம் சிறியதாகவும், ஒரு திருத்தத்துக்குள் சேரும் படங்கள் சிலவாகவும் இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுத்துக்கு இதைவிட எளிதான வழி இருக்கிறது. நோயாளி தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் நாட்குறிப்புச் செயலியை எண்ணிப் பாருங்கள். சொற்களைக் கையாளும் சூத்திரங்களின் நுழைவாயிலில் பெரிய அட்டவணை ஒன்று இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் ஒரு வரிசை. நீங்கள் தட்டச்சு செய்த சொல்லின் வரிசைக்கு மட்டுமே திருத்தம் உண்டாகும். மற்ற வரிசைகளுக்கான திருத்தம் சுழியமாகவே இருக்கும். ஆகவே, ‘கட்டி’, ‘மார்பகம்’, ‘பயம்’ என்னும் மூன்று வரிசைகள் அசைந்திருந்தால், எழுதிய வாக்கியம் தெரியாவிட்டாலும் அந்தப் பெண் எதை நினைத்து உறக்கமின்றி இருக்கிறாள் என்பது தெரிந்துவிடும். எந்தக் கணிதமும் இதற்குத் தேவையில்லை. எந்த வரிசை சுழியம் இல்லை என்று பார்த்தால் போதும்.

கூட்டிய பிறகு பார்ப்பது

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட முதல் தீர்வு, தனித்தனித் திருத்தங்களை நிறுவனம் பார்க்கவே இயலாதவாறு செய்து, கூட்டுத்தொகையை மட்டும் காட்டுவது. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அது. பாதுகாப்பான கூட்டல் என்று அதைச் சொல்லலாம். ஒரு சிறு கணக்கில் அதைக் காணலாம்.

மூன்று பேரின் திருத்த எண்கள் முறையே 21, 34, 15. முதலாமவரும் இரண்டாமவரும் தமக்குள் 50 என்னும் இரகசிய எண்ணை வைத்துக்கொள்கின்றனர். முதலாமவரும் மூன்றாமவரும் 13. இரண்டாமவரும் மூன்றாமவரும் 40. ஒவ்வோர் இணையிலும் முன்னவர் அந்த இரகசிய எண்ணைக் கூட்டுகிறார், பின்னவர் கழிக்கிறார். முதலாமவர் அனுப்புவது 21 உடன் 50-உம் 13-உம் சேர்ந்து 84. இரண்டாமவர் அனுப்புவது 34-இல் 50 போக, 40 சேர, 24. மூன்றாமவர் அனுப்புவது 15-இல் 13-உம் 40-உம் போக, சுழியத்துக்குக் கீழே 38. நிறுவனத்தின் கையில் 84, 24, கழித்தல் 38 ஆகியவை உள்ளன. இவற்றுள் எதுவும் எவருடைய உண்மை எண்ணையும் சொல்லாது. ஆனால், மூன்றையும் கூட்டினால் 70. உண்மை எண்களைக் கூட்டினாலும் அதே 70. இரகசிய எண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிட்டன. (உண்மையான முறையில் இரகசிய எண்கள் இவற்றைவிட மிகப் பெரியவை; நடுவில் ஒரு கைபேசி அணைந்துபோனால் அதைச் சமாளிப்பதற்கும் ஏற்பாடு உண்டு.)

இது அழகான தீர்வு. என் வகுத்தல் கணக்கை இது தடுத்துவிடுகிறது. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது: கூட்டுத்தொகை எத்தனை பேருடையது என்பதைப் பொறுத்தே பாதுகாப்பு. ஐந்து பேரின் கூட்டுத்தொகையில் ஒருவரை மறைப்பது கடினம். இன்று 100 பேரின் தொகையும், நாளை அவர்களில் ஒருவர் மட்டும் இல்லாத 99 பேரின் தொகையும், சூத்திரம் மாறாத நிலையில் கிடைத்தால், கழித்தலில் அந்த ஒருவர் வெளிப்படுவார். நூறு கைபேசிகளில் 99, நிறுவனமே உருவாக்கிய போலிக் கைபேசிகளாக இருந்தால், மீதமுள்ள ஒன்று உங்களுடையதுதான்.

கூட்டிவிட்டால் அடையாளம் போய்விடும் என்னும் நம்பிக்கை மருத்துவத்தில் ஏற்கெனவே ஒருமுறை உடைந்திருக்கிறது. மரபணு ஆய்வுகளில் நூற்றுக்கணக்கானோரின் மரபணுப் பதிவுகளைத் தனித்தனியாக வெளியிடாமல், ஒவ்வொரு மரபணு வேறுபாடும் குழுவில் எத்தனை விழுக்காட்டினருக்கு உண்டு என்னும் சராசரியை மட்டும் பொதுவெளியில் வைப்பது வழக்கமாக இருந்தது. 2008-இல் நில்ஸ் ஹோமர் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவருடைய மரபணுப் பதிவு தனியே கையில் இருந்தால், அந்தச் சராசரிகளோடு ஒப்பிட்டு, அவர் அந்த ஆய்வுக்குழுவில் இருந்தாரா என்று சொல்லிவிட முடியும் என்று அது காட்டியது. ஒரு வேறுபாட்டில் கிடைக்கும் துப்பு மிகச் சிறியது. ஆயிரமாயிரம் வேறுபாடுகளில் அந்தச் சிறு துப்புகள் சேர்ந்துவிடுகின்றன. குழு ஒரு குறிப்பிட்ட நோயுள்ளவர்களின் குழுவாக இருந்தால், அவர் அதில் இருந்தார் என்பதே அவருக்கு அந்த நோய் உண்டு என்று சொல்வதாகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய சராசரித் தொகுப்புகளைப் பொதுவெளியிலிருந்து விலக்கிக்கொண்டது. அது கூட்டுக்கற்றல் அன்று. எனினும், இலட்சக்கணக்கான எண்களைக் கொண்ட சராசரி எப்படிப் பேசும் என்பதை நமக்கு முன்கூட்டியே சொன்ன நிகழ்வு அது.

சிறிது இரைச்சல், சிறிது இழப்பு

இரண்டாம் தீர்வு, எண்களில் வேண்டுமென்றே தற்செயலான பிழையைக் கலப்பது. இதன் அடிப்படைக் கணிதத்தை 2006-இல் சிந்தியா ட்வார்க்கும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்தனர்; ‘டிஃபரன்ஷியல் பிரைவசி’ என்பது அதன் பெயர். இரண்டு படிகளில் நடக்கும். முதலில், எந்த ஒருவரின் திருத்தமும் ஒரு குறித்த அளவுக்கு மேல் போகாதவாறு வெட்டிக் குறைக்கப்படும். அடுத்து, ஒருவர் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் முடிவில் வேறுபாடு கண்டறிய இயலாத அளவுக்கு இரைச்சல் கலக்கப்படும். அடங்காத கூட்டத்தில் ஒருவரின் குரல் தனித்துக் கேட்காததைப் போன்றது அது. முன்னே சொன்ன கழித்தல் கணக்கு இங்கே பலிக்காது. 100 பேரின் தொகைக்கும் 99 பேரின் தொகைக்கும் உள்ள வேறுபாட்டில் அந்த ஒருவர் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு மருத்துவனாக நான் அதை மறைக்கக் கூடாது. இரைச்சல் கூடினால் கணிப்பின் துல்லியம் குறையும். அந்த இழப்பு எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. பெரும்பான்மையினரின் போக்கு எத்தனை இரைச்சலிலும் ஓரளவு நிலைக்கும். சிறுபான்மையினரின் போக்கே முதலில் மூழ்கும். வழக்கமான இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு நன்றாகக் கணிக்கும் சூத்திரம், கணையம் நீக்கப்பட்டவருக்கோ, சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவருக்கோ தவறாகக் கணிக்கக்கூடும். அவர்களின் திருத்தங்கள் மற்றவர்களுடையதைவிடப் பெரியவையாக இருக்கும். ஆகவே அதிகம் வெட்டுப்படும். எண்ணிக்கையில் குறைந்தவையாதலால் இரைச்சலில் கரையும். தனித்துத் தெரிபவரை மறைக்கும் ஏற்பாடு, தனித்துவமான உடல்நிலையைக் கற்காமலும் விட்டுவிடுகிறது.

என்னிடம் கேட்டால், அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே சொல்வேன். நாளைய சர்க்கரையைச் செயலி 10 அளவு தவறாகச் சொன்னால், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி அதைத் திருத்திவிடும். ஒரு பெண்ணின் நோய் வெளியே தெரிந்துவிட்டால் அதைத் திருத்தும் கருவி எங்கும் இல்லை. ஆனால், இது என் விருப்பம். அரிய நோயுள்ள ஒரு குழந்தையின் பெற்றோர் இதற்கு நேர்மாறாக விரும்பக்கூடும். அதற்கும் நியாயம் உண்டு. இந்தத் தேர்வை அவர்களைக் கேளாமலே யாரோ எங்கோ செய்துவிடுவதுதான் என் குறை.

ஒப்புதல் படிவத்தில் எது இருக்க வேண்டும்?

அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்போது, “உங்களுக்கு எதுவும் ஆகாது” என்று எழுதி நாம் கையொப்பம் வாங்குவதில்லை. என்ன செய்யப்போகிறோம், எது நேரலாம், அதைத் தடுக்க என்ன ஏற்பாடு என்று எழுதுகிறோம். செயலிகளுக்கும் அதுவே முறையாக வேண்டும். 2023-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் என்பது குறிப்பானதாகவும் விவரம் அறிந்து அளிப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அளிப்பது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்கிறது.

‘உங்கள் தரவு கைபேசியை விட்டு வெளியேறாது’ என்பதற்குப் பதிலாக நான் விரும்பும் வரிகள் இவை: ‘உங்கள் பதிவுகள் கைபேசியிலேயே இருக்கும். அவற்றிலிருந்து கணக்கிட்ட எண்கள் எங்களுக்கு வரும். அந்த எண்களிலிருந்து உங்களைப் பற்றிச் சிலவற்றை ஊகிக்க முடியும். அதைத் தடுக்க நாங்கள் செய்வது இது.’ நான்கே வரிகள். நான்காம் வரியை எழுதுவதற்கு நிறுவனம் எதையாவது செய்திருக்க வேண்டும் என்பதே இதன் பயன்.

எனவே, இத்தகைய செயலி ஒன்றை எவரேனும், நானாகவே இருந்தாலும், உங்களுக்குப் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: என் கைபேசியிலிருந்து வரும் திருத்தத்தை நீங்கள் தனியாகப் பார்க்க முடியுமா, கூட்டிய பிறகுதான் பார்க்க முடியுமா, கூட்டிய பிறகு என்றால் குறைந்தது எத்தனை பேரைக் கூட்டுகிறீர்கள்? இரண்டாவது: இரைச்சல் கலக்கிறீர்களா, கலப்பது என் கைபேசியிலா, உங்கள் கணினியிலா? கைபேசியிலேயே கலந்தால் நிறுவனத்தை நம்ப வேண்டிய தேவை குறையும். மூன்றாவது: கற்றலில் பங்கேற்காமல் செயலியை மட்டும் பயன்படுத்த முடியுமா? இந்த மூன்றாம் கேள்வி முக்கியமானது; ஏனெனில், நீங்கள் பிறகு விலகிக்கொண்டாலும், ஏற்கெனவே சூத்திரத்தில் கலந்துவிட்ட உங்கள் திருத்தத்தைப் பிரித்தெடுப்பது எளிதன்று. பாலில் கலந்த சர்க்கரையைப் போல அது.

‘எதுவும் வெளியே போகாது’ என்று மட்டும் பதில் வந்தால், அவர்களுக்கு உங்கள் கேள்வி புரியவில்லை அல்லது புரிந்தும் விடை இல்லை என்று கொள்ளுங்கள். எண்ணிக்கையும் முறையும் சொல்லிப் பதில் வந்தால் அது நல்ல அறிகுறி.

இதைப் படித்துவிட்டு எவரும் செயலியை அழித்துவிட வேண்டாம். நான் சொன்ன தாக்குதல்கள் ஆய்வாளர்கள் குறையைக் காட்டுவதற்காகச் செய்துகாட்டியவை. அவற்றைச் செய்யத் திறமையும் நோக்கமும் தேவை. நம் நோயாளிகளின் இரகசியம் இவற்றைவிட மிகச் சாதாரண வழிகளில் கசிகிறது: உறவினர் குழுவில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பரிசோதனை அறிக்கையின் படம், மருந்துக்கடைப் பலகைமேல் விட்டுவரும் மருந்துச்சீட்டு, பூட்டில்லாத கைபேசி. பதிவுகளை எல்லாம் ஓரிடத்தில் குவிக்கும் செயலியைவிட, கூட்டுக்கற்றல் செயலி பல மடங்கு மேலானது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. மேலானது என்பது வேறு, ஒன்றுமே போகாது என்பது வேறு. சர்க்கரை குறைந்திருக்கிறது என்று நான் சொன்னால், நீரிழிவு போய்விட்டது என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா?

அந்தத் தாயும் மகளும் அடுத்த முறை வந்தபோது, இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மகள் தன் கைபேசியில் வகுத்துப் பார்த்தார். தாய் சற்றுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கற்றலில் சேர வேண்டாம், டாக்டர், கணிப்பு மட்டும் வேண்டும். அது முடியுமா?” என்று கேட்டார். அமைப்புகளின் உள்ளே நான்காம் பக்கத்தில் அதற்கான பொத்தான் இருந்தது. அணைத்துக் கொடுத்தேன். அந்தப் பொத்தான் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.